கன்னம் போடும் மியூட்

காதில் வைத்ததும் அணைய வேண்டிய திரை எரிந்துகொண்டே இருக்கிறது. காதிலிருந்து எடுத்ததும் எரிய வேண்டிய திரை இருண்டே கிடக்கிறது. வெயிலில் மங்குகிறது, இருட்டில் கண்ணைக் குத்துகிறது. போனின் நெற்றியில் இருக்கும் இரண்டு சின்னஞ்சிறு சென்சார்களுக்கு என்ன ஆனது?

சென்னை ரிச்சி தெருவில் ஒரு சர்வீஸ் கடை. கவுன்ட்டரில் நின்ற அம்மாவுக்கு அறுபது வயதைத் தாண்டியிருக்கும். "மைக் போயிடுச்சு தம்பி. துபாய்ல இருக்கற பையன்கிட்ட பேசிட்டே இருப்பேன். திடீர்னு நான் பேசறது அவனுக்குக் கேக்காது. அவன் 'அம்மா, அம்மா'ன்னு கூப்பிடறது மட்டும் எனக்குக் கேக்கும். ஒவ்வொரு தடவையும் பயந்துபோய் மறுபடி கூப்பிடறான்."

கடைக்காரர் மைக்கைத் தொடவே இல்லை. அந்த போனிலிருந்து தன் போனுக்கு ஒரு கால் போட்டு, "காதுல வச்சுப் பேசுங்கம்மா" என்றார். அம்மா பேசத் தொடங்கினார். அவர் கன்னத்தோரம் மெல்லிய வெளிச்சக் கீற்று. "அப்படியே அசையாம இருங்க" என்று சொல்லி, போனை மெதுவாகக் காதிலிருந்து எடுத்துத் திரையை அவரிடமே காட்டினார். மியூட் பட்டன் எரிந்துகொண்டிருந்தது. கீபேடும் திறந்திருந்தது.

பிறகு டெம்பர் கிளாஸை ஓரத்தில் நெம்பி உரித்தார். மேல் விளிம்பை ஒரு துணியால் துடைத்தார். மறுபடி கால், மறுபடி காது. இந்த முறை திரை அணைந்தது. மைக்கில் ஒரு குறையும் இல்லை. புதிதாக ஒட்டிய கண்ணாடியின் கறுப்புக் கரை, சென்சார் துளையின் பாதியை மூடியிருந்தது.

பேசும்போது தானாக மியூட் ஆகிறது, ஹோல்டு ஆகிறது, ஸ்பீக்கர் போட்டுக்கொள்கிறது, நடுவில் யாருக்கோ இன்னொரு கால் போகிறது என்று வரும் புகார்களில் பலவற்றுக்கு வேர் இங்கேதான். சிக்னலையும் மைக்கையும் சந்தேகிக்கும் நமக்கு இந்தச் சென்சார் நினைவுக்கே வருவதில்லை.

தூரத்தை அளக்காத தூர சென்சார்

ப்ராக்ஸிமிட்டி சென்சார் என்றதும், முகம் எத்தனை சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது என்று அது அளப்பதாக நினைக்கிறோம். பெரும்பாலான போன்களில் அது அப்படி எதையும் அளப்பதில்லை. இயர்பீஸுக்குப் பக்கத்தில், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை விட்டுவிட்டு வீசும் ஒரு குட்டி எல்இடி இருக்கும். அதற்குச் சில மில்லிமீட்டர் தள்ளி, திரும்பி வரும் ஒளியைப் பிடிக்கும் ஒரு ஃபோட்டோடயோடு இருக்கும். முகம் அருகே வந்தால் அதிக ஒளி திரும்புகிறது, விலகினால் குறைகிறது. தூரம் இரண்டு மடங்கானால் திரும்பும் ஒளி ஏறத்தாழ நான்கில் ஒன்றாகிவிடும். அந்த ஒளியின் அளவு ஓர் எண்ணாக வருகிறது. எண் ஒரு வரம்பைத் தாண்டினால் 'அருகில்', கீழே இறங்கினால் 'தொலைவில்'. ஆண்ட்ராய்டுக்குப் பெரும்பாலும் போய்ச் சேர்வது இந்த ஒற்றை விடைதான்.

சிக்கல் தொடங்கும் இடம், முகம் எதிரே இல்லாதபோதும் அந்த எண் பூஜ்யமாக இருப்பதில்லை என்பது. எல்இடியின் ஒளியில் ஒரு பங்கு வெளியே போகாமல் போனின் முன்கண்ணாடியிலேயே பட்டு, பக்கத்து டயோடுக்குள் புகுந்துவிடும். தயாரிப்பாளர்கள் இரண்டுக்கும் நடுவே ரப்பர் தடுப்பு வைப்பார்கள். மீறி வரும் கசிவைத் தொழிற்சாலையிலேயே அளந்து போனுக்குள் எழுதிவைப்பார்கள். அந்த அடிப்படைக்கு மேல் எவ்வளவு கூடுகிறது என்பதை வைத்துத்தான் போன் முகத்தை அறிகிறது.

ஒரு கணக்காகப் பார்த்தால் இது தெளிவாகும். எண்கள் விளக்கத்துக்காக வைத்துக்கொண்டவை. மாடலுக்கு மாடல் இவை மாறும். முறை மாறாது.

புது போனில் எதிரே ஒன்றும் இல்லாதபோது சென்சார் காட்டும் எண் 120. முகம் ஒட்டி வந்தால் அதோடு 200 கூடி 320 ஆகிறது. '270-ஐத் தாண்டினால் திரையை அணை, 210-க்குக் கீழே இறங்கினால் திரையைப் போடு' என்று கட்டளை. இரண்டு வரம்பு ஏன் என்றால், மாடித் தண்ணீர்த் தொட்டியின் ஆட்டோ ஸ்விட்ச் நிரம்பும் மட்டத்தில் மோட்டாரை நிறுத்தி, நன்றாகக் கீழே இறங்கிய பிறகே மறுபடி போடுவது போலத்தான். ஒரே வரம்பாக இருந்தால் கை லேசாக ஆடினாலும் திரை மினுக்கிக்கொண்டே இருக்கும்.

இப்போது நெற்றியிலும் கன்னத்திலும் இருக்கும் எண்ணெயும் பவுடரும் சென்சார் துளைமேல் படிகின்றன. கசிவு கூடி, அடிப்படை எண் 120-லிருந்து 230 ஆகிவிட்டது என்று வையுங்கள். கால் வரும்போது 230 தான், 270-ஐத் தாண்டவில்லை. திரை வழக்கம்போல எரிகிறது. காதில் வைத்தால் 430, திரை அணைகிறது. இதுவரை சரி. காதிலிருந்து எடுத்தால் எண் 230-க்குத் திரும்புகிறது. ஆனால் திரை எரிய 210-க்குக் கீழே போக வேண்டும். போகவே போகாது. பேசி முடித்தவர் காலை கட் பண்ண முடியாமல் கறுத்த திரையைத் தட்டிக்கொண்டிருப்பது இதனால்தான். துளைக்கு மேலே காற்று இடைவெளியோடு ஒட்டிய மலிவான கண்ணாடி அடிப்படையை 300-க்கு ஏற்றிவிட்டால் நிலைமை இன்னும் மோசம். கால் போட்ட நொடியே திரை இருண்டுவிடும், முகத்தின் பக்கம் போகும் முன்பே.

ரிச்சி தெரு அம்மாவின் போனில் நடந்தது இதற்கு நேர் எதிர். கறுப்புக் கரை துளையின் பாதியை மறைத்ததால், முகம் கூட்ட வேண்டிய 200-ல் 80 மட்டுமே வந்து சேர்ந்தது என்று கொள்ளலாம். 120-ம் 80-ம் 200. வரம்பு 270. முகம் ஒட்டியிருந்தும் போன் அதை அறியவே இல்லை. அடர்ந்த கறுப்புக் கூந்தல் காதோரம் விழுந்திருந்தாலும் இதேதான் நடக்கும். கறுப்பு முடி அகச்சிவப்பு ஒளியைத் தோல் அளவுக்குத் திருப்பி அனுப்பாது. துளைக்கு எதிரே தோல் வந்தால் திரை அணையும், முடி வந்தால் எரியும். ஒரே போன் ஒரே ஆளிடம் ஒருநாள் ஒழுங்காகவும் மறுநாள் தாறுமாறாகவும் நடந்துகொள்வதற்கு இது ஒரு காரணம்.

இன்னொரு காரணம் உண்டு. கசிவு மாறிக்கொண்டே இருக்கும் என்று தெரிந்ததால், பல போன்கள் ஒவ்வொரு காலின் தொடக்கத்திலும் அடிப்படையைப் புதிதாக அளந்துகொள்கின்றன. நல்ல ஏற்பாடுதான். ஆனால் கால் எடுத்த கையோடு போனைக் காதில் ஒட்டிக்கொள்பவர்களுக்கு, முகத்தின் எண்ணையே அடிப்படை என்று போன் எடுத்துக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது. அதற்குமேல் கூடுவதற்கு ஒன்றும் இல்லாததால் அந்தக் கால் முழுக்கத் திரை எரியும். காதிலிருந்து ஒருமுறை நன்றாக விலக்கிவிட்டு மறுபடி வைத்தால் சில போன்கள் சரியாகிவிடுவது இதனால்தான்.

> பெட்டிச் செய்தி: 2010-ல் நடந்தது
>
> 2007-ல் வந்த முதல் ஐபோனிலேயே ப்ராக்ஸிமிட்டி சென்சார் இருந்தது. ஆனால் அது பெரிய செய்தியானது 2010 ஜூனில் ஐபோன் 4 வந்தபோது. கன்னம் பட்டுக் கால் கட் ஆகிறது, மியூட் ஆகிறது என்று வாங்கியவர்கள் புகார் சொன்னார்கள். ஆன்டெனா சர்ச்சைக்காக அந்த ஜூலையில் ஸ்டீவ் ஜாப்ஸ் நடத்திய செய்தியாளர் சந்திப்பில் இந்தக் குறையும் பேசப்பட்டது. செப்டம்பரில் வந்த ஐஓஎஸ் 4.1 அதற்கான மென்பொருள் திருத்தத்தைக் கொண்டுவந்தது.
>
> அதே போனின் வெள்ளை மாடல் 2011 ஏப்ரல் வரை வரவே இல்லை. வெள்ளைப் பூச்சு சென்சார்களோடு ஒத்துப்போவதும் தாமதத்துக்கு ஒரு காரணம் என்று ஆப்பிளின் ஃபில் ஷில்லர் அப்போது விளக்கினார். கண்ணாடிக்குப் பின்னால் பூசும் வண்ணம்கூட இந்தச் சென்சாருக்குப் பெரிய விஷயம்.

நெற்றி போனது, ஜன்னல் போனது

பத்தாண்டுகளுக்கு முன்பிருந்த போன்களில் திரைக்கு மேலே அகலமான கறுப்புப் பட்டை இருந்தது. சென்சார்களுக்கு அதுதான் ஜன்னல். 'முழுத் திரை' போட்டியில் அந்தப் பட்டை நூலளவுக்குச் சுருங்கியது. சென்சாரை வைக்க இடமில்லாமல் போனதும் நிறுவனங்கள் மூன்று வழிகளில் பிரிந்தன.

முதல் வழி, இயர்பீஸ் இடுக்கில் ஒரு கீற்றாகச் சென்சாரைத் திணிப்பது. இது ஓரளவு வேலை செய்கிறது. டெம்பர் கிளாஸ் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் கெட்டுப்போகிறது.

இரண்டாவது வழி, ஓஎல்இடி திரைக்கு அடியிலேயே சென்சாரை வைப்பது. பிக்ஸல்களின் இடைவெளி வழியாக அகச்சிவப்பு ஒளி போய்வரும். 2019-ல் வந்த சாம்சங் கேலக்ஸி எஸ்10 போன்ற மாடல்களில் கால் பேசும்போது திரையின் மேல்பகுதியில் ஒரு சிறு வெள்ளைப் புள்ளி மினுக்கும். திரை பழுதாகிவிட்டதென்று பலர் பதறிப்போய்க் கடைக்கு ஓடினார்கள். பழுது இல்லை, அடியில் இருக்கும் சென்சார் வேலை செய்வதன் அடையாளம்தான் அது.

மூன்றாவது வழிதான் இன்று அதிக வேதனை தருவது. அகச்சிவப்புச் சென்சாரையே எடுத்துவிட்டு, போனில் ஏற்கெனவே இருக்கும் பாகங்களைக் கொண்டு முகத்தை ஊகிப்பது. விளம்பரத் தாளில் 'விர்ச்சுவல் ப்ராக்ஸிமிட்டி' என்று இருக்கும். 2016-ல் வந்த ஷாவ்மி மி மிக்ஸ் போனில் எலிப்டிக் லேப்ஸ் என்ற நார்வே நிறுவனத்தின் அல்ட்ராசவுண்ட் முறை இப்படி வந்தது. மனிதக் காதுக்கு எட்டாத ஒலியை இயர்பீஸ் எழுப்பும், முகத்தில் பட்டுத் திரும்பும் எதிரொலியை மைக் கேட்கும். பிறகு இந்த எண்ணம் விலை குறைந்த போன்களுக்கும் இறங்கியது. சில போன்கள் போனைத் தூக்கும் அசைவையும், டச் ஸ்கிரீனில் அகலமாகப் படும் கன்னத்தின் தடத்தையும் சேர்த்துப் பார்த்து முடிவெடுக்கின்றன.

எழுந்து நின்று, மேசையிலிருந்து போனை எடுத்து, நேராகக் காதுக்குக் கொண்டுபோகும் ஒருவருக்கு இது பழுதில்லாமல் நடக்கும். படுத்துக்கொண்டு பேசுபவருக்கு? போன் தலையணையில் கிடக்கிறது, காது அதன்மேல் சாய்கிறது. தூக்கும் அசைவே இல்லை. தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு தோசை வார்ப்பவருக்கு? அசைவு முழுக்க வேறு மாதிரி. இயர்பீஸ் சல்லடையில் தூசியும் எண்ணெயும் அடைத்திருந்தால் அல்ட்ராசவுண்ட் மங்கிவிடும். மேல் மைக்கின் பொட்டுத் துளையைக் கவர் மூடிவிட்டால் எதிரொலி வந்து சேராது. இந்த வகை போனில் சென்சாருக்கென்று துடைக்க ஒரு துளையே கிடையாது. சல்லடையை உலர்ந்த மெல்லிய பிரஷ்ஷால் தட்டிவிடலாம், மைக் துளை திறந்திருக்கும் கவருக்கு மாறலாம். அதற்குமேல் செய்ய அதிகம் இல்லை. சில நூறு ரூபாய்கூடப் பெறாத ஒரு பாகத்தை மிச்சம்பிடித்து, அந்தச் சிரமத்தை வாங்குபவர் தலையில் வைப்பது நியாயமில்லை என்றே இக்கட்டுரையாளர் நினைக்கிறார். பெட்டியின்மேல் அதைப் பெரிதாக எழுதவாவது வேண்டும்.

கன்னம் என்னவெல்லாம் செய்கிறது

எரியும் திரையில் கன்னமும் காதுமடலும் விரலைப் போலவே வேலை செய்கின்றன. மியூட்டும் ஹோல்டும் எரிச்சலோடு முடிந்துவிடும். வங்கியின் தானியங்கிச் சேவையில் 'ஒன்றை அழுத்தவும்' என்று கேட்டுக்கொண்டிருக்கும்போது கீபேடு திறந்து தவறான எண் போய்விடுவது அப்படியில்லை. மேலிருந்து இழுபடும் பேனலில் ஏரோபிளேன் மோடைக் காது தட்டிவிட்டால் கால் மட்டுமல்ல, நெட்வொர்க்கே போய்விடும். சாதாரணக் கால் வீடியோ காலாக மாறிவிடும். ஆம்புலன்ஸுக்கு வழி சொல்லிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு மியூட் ஆகிவிட்டால், மறுமுனையில் இருப்பவர் கேட்பது வெறும் நிசப்தம்.

முதியவர்கள்தான் இதில் அதிகம் அடிபடுகிறார்கள். 'நான்தான் எதையோ தப்பா அழுத்திட்டேன்' என்று தங்களையே நொந்துகொள்கிறார்கள். பிள்ளைகளும் அப்படியே சொல்லிவிடுகிறார்கள். அழுத்தியது அவர்கள் விரல் அல்ல.

உடனே கைகொடுக்கும் தற்காப்பு ஒன்று இருக்கிறது. பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் கால் இணைந்ததும் பவர் பட்டனை ஒருமுறை அழுத்தினால் திரை மட்டும் அணையும், பேச்சு தொடரும். 'பவர் பட்டன் காலைத் துண்டிக்கும்' என்ற வசதி செட்டிங்ஸின் அக்ஸஸிபிலிட்டி பகுதியில் நிறுத்தப்பட்டிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். எடுத்த பிறகும் திரை கறுத்தே கிடக்கும் போன்காரர்களுக்கு இதுவே தலைகீழ். அவர்கள் அந்த வசதியைப் போட்டுக்கொண்டால் காலைப் பட்டனாலேயே முடிக்கலாம். ஐபோனில் பக்கவாட்டுப் பட்டனை அழுத்தினால் கால் கட் ஆகிவிடும். ஐஓஎஸ் 16 முதல் அதைத் தடுக்கும் வசதி அக்ஸஸிபிலிட்டியின் டச் பகுதியில் இருக்கிறது.

இன்னொன்று: ஸ்பீக்கரிலோ ப்ளூடூத்திலோ பேசும்போது போன் வேண்டுமென்றேதான் திரையை அணைப்பதில்லை. பையில் கிடக்கும் இயர்பட்ஸ் திறந்து தானாக இணைந்திருந்தாலும் அப்படித்தான். சென்சாரைக் குறை சொல்லும் முன் அதைப் பார்த்துவிடுங்கள்.

மங்கும் திரை, அதே ஜன்னல்

வெளிச்சத்தை அளக்கும் ஆம்பியன்ட் லைட் சென்சாரும் அதே நெற்றியில், பல போன்களில் ஒரே சில்லுக்குள் குடியிருக்கிறது. ஜன்னல் சுருங்கியதன் விலையை அதுவும் கொடுக்கிறது.

> பெட்டிச் செய்தி: எத்தனை லக்ஸ்?
>
> நேர் உச்சி வெயில்: ஏறத்தாழ 1,00,000
> பகல் நேர மர நிழல்: 10,000 முதல் 20,000 வரை
> அலுவலக அறை: 300 முதல் 500 வரை
> இரவில் வீட்டுக் கூடம்: 50 முதல் 150 வரை
> முழுநிலவு: 1-க்கும் கீழே

இத்தனை பெரிய வீச்சை அந்தச் சின்னத் துளை வழியாக அளக்க வேண்டும். அதைவிடக் கடினம், அளக்கும் இடம். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் நோக்கி உட்கார்ந்து போனைப் பார்க்கிறீர்கள். வெளி வெயில் போனின் முதுகில் விழுகிறது. கண் அந்த வெயிலுக்குப் பழகிவிட்டது. சென்சாரோ முன்பக்கம் திரும்பி, நிழலில் இருக்கும் உங்கள் சட்டையைப் பார்த்து '400 லக்ஸ், அறைக்குள் இருக்கிறார்' என்று முடிவுசெய்து திரையை மங்கவைக்கிறது. சென்சார் சொன்னது பொய்யில்லை, அது வேறு திசையைப் பார்த்தது. 2022-ல் வந்த ஐபோன் 14 ப்ரோவில் முன்னும் பின்னுமாக இரண்டு ஒளிச் சென்சார்கள் வைத்தது இதற்குத்தான்.

போனைப் படுக்கைவசமாகப் பிடித்து கேம் ஆடும் பிள்ளைகளின் புகார், 'ஆட ஆட இருட்டாகிறது' என்பது. நெற்றி இப்போது இடது உள்ளங்கைக்குள். கை மூடியதைப் போன் ராத்திரி என்று எடுத்துக்கொள்கிறது. ஆட்டோ பிரைட்னஸை அந்த நேரத்துக்கு நிறுத்துவதே தீர்வு.

ஓஎல்இடிக்கு அடியில் இருக்கும் ஒளிச் சென்சாருக்கு விசித்திரமான ஒரு தொல்லை உண்டு. அறையின் வெளிச்சத்தோடு, தலைக்கு மேலே எரியும் திரையின் வெளிச்சமும் சேர்ந்தே அதன்மேல் விழுகிறது. இருட்டறையில் வெள்ளைப் பக்கத்தைத் திறந்தால் 'வெளிச்சம் வந்துவிட்டது' என்று திரையை ஏற்றும். ஏறிய திரை இன்னும் வெளிச்சம் தரும். கறுப்புப் பின்னணி வந்ததும் எல்லாம் இறங்கும். இதைத் தடுக்க, பிக்ஸல்கள் அணைந்திருக்கும் மில்லிவிநாடி இடைவெளிகளில் மட்டும் அளப்பார்கள், அல்லது மேலே உள்ள பிக்ஸல்களின் நிறத்தைக் கணக்கிட்டு அதைக் கழித்துவிடுவார்கள். அந்தக் கணக்கு அந்தத் திரை எவ்வளவு ஒளியை ஊடுருவவிடும் என்பதை நம்பி எழுதப்பட்டது. உடைந்த டிஸ்ப்ளேவுக்குப் பதில் மலிவான காம்போ போட்டதும் பிரைட்னஸ் ஏறி இறங்கித் தவிப்பது இதனால் இருக்கலாம். கணக்கு பழைய திரைக்கானது, இருப்பது புதுத் திரை.

வெயிலில் கொஞ்ச நேரம் மேப் பார்த்துக்கொண்டே போன பிறகு திரை மங்கினால் அதற்குச் சென்சார் பொறுப்பில்லை. போன் சூடேறி, தன்னைக் காத்துக்கொள்ள பிரைட்னஸைக் குறைக்கிறது. பல போன்களில் பிரைட்னஸ் ஸ்லைடர் உச்சியிலேயே இருந்தும் திரை மங்கலாக இருந்தால் சூடுதான் காரணம் என்று அறியலாம். ஸ்லைடரும் சேர்ந்து கீழே இறங்கியிருந்தால் சென்சார். நிழலில் வைத்து ஆறவிடுங்கள். ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டாம், உள்ளே ஈரம் கோக்கும்.

> பெட்டிச் செய்தி: வீட்டிலேயே சோதிக்க
>
> போன் டயல் பேடில் சாம்சங்குக்கு `*#0*#`, ஷாவ்மி, ரெட்மி மாடல்களுக்கு `*#*#6484#*#*`. சோதனைப் பட்டியல் திறக்கும் மாடல்களில் ப்ராக்ஸிமிட்டி, லைட் இரண்டையும் தனித்தனியே பார்க்கலாம். எல்லா மாடலிலும் இது திறக்காது.
>
> முதலில் வெள்ளைத் தாளை மேல் விளிம்பருகே கொண்டுபோய் விலக்குங்கள். பிறகு கறுப்புத் துணி. தாளுக்கு மாறி, துணிக்கு மாறவில்லை என்றால் சென்சார் உயிரோடுதான் இருக்கிறது, அதற்குப் போதுமான ஒளி திரும்பவில்லை. எதுவும் இல்லாதபோதே 'அருகில்' என்று காட்டினால் கண்ணாடியையும் அழுக்கையும் சந்தேகியுங்கள்.
>
> இருட்டறையில் கால் போட்டு, மேல் விளிம்பை இன்னொரு போனின் கேமராவில் பாருங்கள். சில மாடல்களில் ஊதா நிறப் புள்ளி மினுக்குவது தெரியும். அதுதான் அகச்சிவப்பு எல்இடி. தெரியாவிட்டால் பழுது என்று முடிவுகட்ட வேண்டாம், எல்லாக் கேமராவும் அதைக் காட்டாது.

கடைக்குப் போகும் முன்னும் பின்னும்

வரிசை முக்கியம். முதலில் டெம்பர் கிளாஸை உரித்துவிட்டு, கவரையும் கழற்றி, மேல் விளிம்பை உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்து ஒரு கால் பேசிப் பாருங்கள். சரியானால் செலவு ஒரு புதுக் கண்ணாடிதான். அந்த மாடலுக்கென்றே வெட்டிய, சென்சார் பகுதியில் கரை இல்லாத கண்ணாடியாகக் கேளுங்கள். சரியாகாவிட்டால் போனை ரீஸ்டார்ட் செய்து, சோதனைப் பட்டியலில் ப்ராக்ஸிமிட்டி கேலிபரேஷன் இருந்தால் அதைச் செய்யுங்கள். அப்போது போன் மேசையில் மல்லாந்து கிடக்க வேண்டும், மேலே கையோ விளக்கோ நெருங்கக் கூடாது. சாஃப்ட்வேர் அப்டேட்டுக்குப் பிறகு தொடங்கிய கோளாறு என்றால் அடுத்த அப்டேட்டில் திருந்த வாய்ப்புண்டு, டிஸ்ப்ளேவை மாற்ற அவசரப்பட வேண்டாம்.

டிஸ்ப்ளே மாற்றிய பிறகு தொடங்கியது என்றால் கதை வேறு. பழைய திரையிலிருந்த சின்ன ரப்பர் தடுப்பைப் புதிதுக்கு மாற்றாமல் விட்டிருப்பார்கள், அல்லது காப்பித் திரையின் சென்சார் துளையில் அகச்சிவப்பைக் கடத்தாத மை பூசியிருக்கும். வெளியிலிருந்து துடைத்துப் பயனில்லை, மறுபடி திறந்துதான் ஆக வேண்டும். ஆகவே டிஸ்ப்ளே மாற்றினால் பணம் கொடுக்கும் முன் கவுன்ட்டரிலேயே ஒரு கால் போட்டுக் காதில் வையுங்கள். திரை அணைகிறதா, எடுத்ததும் எரிகிறதா, இரண்டையும் பாருங்கள். பெண்கள் முடியைக் காதோரம் விட்டும் ஒருமுறை பார்ப்பது நல்லது. புதுப் போன் வாங்கும்போது கடையின் டெமோ போனில் சிம் இருக்காது. உங்கள் சிம்மைப் போட்டுப் பார்க்க அனுமதி கேளுங்கள், தலையைச் சாய்த்து, தோளில் இடுக்கிப் பேசிப் பாருங்கள். அனுமதிக்காவிட்டால் விவரத் தாளில் சென்சார் வரியைப் படித்து, 'விர்ச்சுவல்' என்ற சொல் இருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.